பிரசவ லீவில் ஞாயிறுக்கும் சம்பளம் உண்டு

தோட்டத்துச் சகோதரிகளே! பிரசவ லீவுச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டியது நிர்வாகம்தான், சொக்சோ அல்ல. தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 60 நாளாக இருந்த லீவு, 2023 ஜனவரி முதல் 98 நாள்.

நாள் கூலிக்காரருக்குக் கணக்கு இதுதான். லீவுக்கு முந்திய மாதச் சம்பளத்தை, அந்த மாதம் வேலை செய்த நாட்களால் வகுக்க வேண்டும். ஓய்வுநாள் வேலைக் காசு இதில் சேராது. 24 நாளில் 1,680 வெள்ளி என்றால், நாளொன்றுக்கு 70 வெள்ளி; 98 நாளுக்கு 6,860 வெள்ளி.

"ஞாயிறுக்கு இல்லை" என்று கிராணி 84 நாள் போட்டால், 980 வெள்ளி போச்சு! லீவின் ஒவ்வொரு நாளுக்கும் சம்பளம் உண்டு. முந்திய 9 மாதத்தில் மொத்தம் 90 நாளாவது வேலையில் இருந்திருக்க வேண்டும். ஆகவே சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். குறைத்துக் கொடுத்தால், அவற்றோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள்.