மைக் பிடிப்பவர் கவனத்துக்கு



பள்ளிகளில் ஆண்டு விளையாட்டு விழாக்கள் நடக்கும் பருவம் இது. உடற்கல்வி ஆசிரியர் களத்தில் இருப்பார். மைக் பெரும்பாலும் தமிழாசிரியர் கைக்கோ, நன்றாகப் பேசுகிற பிளஸ் ஒன் மாணவர் கைக்கோ வந்து சேரும். அப்படி மைக் பிடிக்கப் போகும் வாசகர் ஒருவர், என்ன பேசுவது, எங்கே நிறுத்துவது என்று கேட்டிருக்கிறார். மாணவியர் 200 மீட்டர் இறுதி ஓட்டத்தை வைத்தே பதில் சொல்கிறேன். மைதானத்தில் ஒரு சுற்று 200 மீட்டர். நான்கு தடங்கள், நான்கு அணிகள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை, ஓடுபவர்களை வரவழைப்பது. “மாணவியர் 200 மீட்டர் இறுதிப் போட்டி. முதல் அழைப்பு. தகுதி பெற்ற நால்வரும் தொடக்கக் கோட்டுக்கு வரவும்.” இதே சொற்களையே இரண்டாம் அழைப்புக்கும் கடைசி அழைப்புக்கும் பயன்படுத்துங்கள். சொற்கள் மாறினால் வேறு போட்டி என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். வந்தவர்களிடம் போய்ப் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டு, காதில் விழுந்தபடியே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து அறிமுகம். “தடம் ஒன்று, சிவப்பு அணி, யாழினி. தடம் இரண்டு, நீல அணி, முல்லை. தடம் மூன்று, பச்சை அணி, பாத்திமா. தடம் நான்கு, மஞ்சள் அணி, ஸ்டெல்லா.” நால்வருக்கும் ஒரே அளவு சொற்கள். ஒருத்தியை மட்டும் “போன வருட சாம்பியன்” என்று புகழ்ந்தால், மற்ற மூவரும் துணைக்கு ஓட வந்தவர்கள் போலாகிவிடும்.

தொடக்க நடுவர் விசிலை எடுத்ததும் நீங்கள் வாயை மூட வேண்டும். பாட்டும் நிற்க வேண்டும். ஒலிபெருக்கிச் சத்தத்தில் “செட்” காதில் விழாமல் போனால், ஒரு பிள்ளை தாமதமாகப் புறப்படும். சிறப்பு விருந்தினர் அந்த நேரத்தில் வாசலில் வந்து இறங்கினாலும், வரவேற்பு ஓட்டம் முடிந்த பிறகுதான்.

ஓட்டம் தொடங்கியதும்தான் பலர் சறுக்குகிறார்கள். முழுச் சுற்று ஓடும்போது வெளித்தடத்தின் தூரம் கூடுதல். அதைச் சரிக்கட்ட, வெளித்தடத்தில் நிற்பவரை முன்னால் தள்ளி நிறுத்துவார்கள். தடம் 1.22 மீட்டர் அகலம் என்றால், ஒரு தடத்துக்கு ஏழு மீட்டருக்குமேல் தள்ளல் வரும். நான்காம் தடத்து ஸ்டெல்லா, யாழினிக்குச் சுமார் 22 மீட்டர் முன்னால் நின்றுதான் புறப்படுகிறாள். புறப்பட்ட உடனே “மஞ்சள் அணி முன்னிலை!” என்று கத்தினால், அது நடக்காத செய்தி. கடைசி வளைவைத் தாண்டி நேர்த்தடத்துக்கு வந்த பிறகுதான் நால்வரில் உண்மையில் யார் யாருக்கு முன்னால் என்பது தெரியும். அதுவரை, “முதல் வளைவு... நால்வரும் அவரவர் தடத்தில்... எதிர்ப்பக்க நேர்த்தடம்... இதோ கடைசி வளைவு” என்று இடத்தைச் சொன்னால் போதும். வளைவு முடிந்ததும், “இப்போது நேர்த்தடம். சிவப்பு முன்னால், பச்சை அடுத்து, நீலமும் மஞ்சளும் நெருங்கி வருகின்றன” என்று குரலை உயர்த்துங்கள். நீங்கள் எந்த அணியைச் சேர்ந்தவராக இருந்தாலும் “நம்ம அணி” என்ற சொல் மைக்கில் வரக்கூடாது.

கோட்டைத் தாண்டியதும் வெற்றியாளர் பெயரைச் சொல்ல நாக்கு துடிக்கும். பொறுங்கள். நீட்டிய கையோ தலையோ கணக்கில்லை. உடற்பகுதி எப்போது கோட்டைத் தொடுகிறது என்பதே கணக்கு. மேடையிலிருந்து சாய்வாகப் பார்ப்பவருக்கு அது சரியாகத் தெரியாது. கோட்டுக்கு நேரே உட்கார்ந்திருக்கும் நடுவர்களுக்குத்தான் தெரியும். “மிக நெருக்கமான முடிவு. நடுவர்களின் அறிவிப்புக்குக் காத்திருப்போம்” என்று சொல்லி, அடுத்த போட்டியின் முதல் அழைப்பைக் கொடுங்கள். அதற்கு முன் எல்லாரும் ஓடி முடித்துவிட்டார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்து சேருபவரைப் பற்றிக் “கடைசி” என்ற சொல் தேவையில்லை.

நடுவர் கையெழுத்திட்ட தாள் வந்த பிறகு, அதில் உள்ளபடி இடம், பெயர், அணி, நேரம் என்று வாசியுங்கள். யாராவது தடம் மாறி ஓடியதால் நீக்கப்பட்டிருந்தால், “தடம் இரண்டு, தடம் மாறியதால் முடிவில் சேர்க்கப்படவில்லை” என்பதோடு நிறுத்துங்கள். பெயரும் விமர்சனமும் வேண்டாம். வாசித்த மணியைத் தாளின் ஓரத்தில் குறித்துவையுங்கள். சர்வதேசத் தடகள விதிப்படி, முடிவு குறித்த ஆட்சேபத்தை அறிவிப்பு வெளியான 30 நிமிடத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்கள் பள்ளியில் அவகாசம் வேறாக இருக்கலாம். எதுவானாலும் அது உங்கள் அறிவிப்பிலிருந்துதான் தொடங்குகிறது. அந்த அவகாசம் முடிந்த பிறகு அணிகளின் மொத்தப் புள்ளிகளைச் சொன்னால், சொன்னதை மாற்றிச் சொல்லும் நிலை வராது.

உங்கள் பள்ளியில் தொடர் ஓட்டத்துக்கும் குண்டு எறிதலுக்கும் எப்படி அறிவிக்கிறீர்கள்? எழுதி அனுப்புங்கள். நல்லவற்றை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்