புடவைக்கு "செட்" வாங்காதீர்கள்

பட்டுப் புடவை நிறத்திலேயே ஒரு ஹேண்ட்பேக், அதே நிறத்தில் ஒரு செருப்பு, இரண்டையும் ஒரே அட்டைப் பெட்டியில் போட்டு "மேட்சிங் செட்" என்று விற்கிறார்களே, அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். கல்யாண சீசனுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இப்போது எழுதுகிறேன்.

அந்த செட் வீண் செலவு என்று மட்டும் சொன்னால், "உங்களுக்கு வயசாயிடுச்சு டீச்சர், பென்ஷன்காரங்க அப்படித்தான் பேசுவீங்க" என்று கமெண்டில் வருவீர்கள். நான் சொல்வது அதற்கும் மேலே. அது புடவையின் அழகைக் குறைக்கிறது. சில நேரம் புடவையையே கெடுக்கிறது.

எங்கள் நசரத்பேட்டையில் பெங்களூரு சாலையோரம் நின்றாலே காஞ்சிபுரம் பேருந்து கிடைக்கும். இந்த ஊர்ப் பெண்கள் கல்யாணப் பட்டு எடுக்க அங்கேதான் போகிறார்கள். அந்த நெசவில் பெயர் பெற்றது எது? கோர்வை. உடல் ஒரு நிறம், கரை அதற்கு நேர் எதிரான இன்னொரு நிறம். இதற்காக மூன்று நாடா வைத்து, உடலையும் கரையையும் இழைக்கு இழை கோத்து நெய்கிறார்கள். பழைய தறியில் இந்த வேலைக்கு இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒரே நிறத்தில் நெய்வது அவர்களுக்கு எத்தனையோ சுலபம். அப்படியும் மெனக்கெட்டு அரக்குக்குப் பச்சை, மாம்பழ மஞ்சளுக்கு ஊதா என்று வைக்கிறார்கள் என்றால் என்ன பொருள்? ஒரு நிறம் பக்கத்து நிறத்தால்தான் எடுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நாமோ அந்தப் புடவையை வாங்கி வந்து, தலைமுதல் கால்வரை ஒரே நிறத்தைப் பூசிக்கொள்ளப் பார்க்கிறோம்!

அடுத்தது, நல்ல பட்டுக்கு "ஒரு நிறம்" என்பதே பல சமயம் கிடையாது. மயில் கழுத்து நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு நீலம், ஊடை பச்சை. நேரே பார்த்தால் ஒரு நிறம், மடிப்பு திரும்பினால் வேறு நிறம். கடைக்காரர் "டபுள் ஷேட்" என்று சொல்வது இதைத்தான். ரெக்ஸின் பையோ எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே நிறம். அசையும் நிறத்துக்கு அசையாத நிறத்தை எப்படி மேட்ச் செய்வீர்கள்?

சரி, டபுள் ஷேட் இல்லாத புடவை என்றே வைத்துக்கொள்வோம். பட்டில் ஏறிய சாயம் வேறு, ரெக்ஸினில் பூசிய சாயம் வேறு. கடையின் விளக்கில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வெளியே வெயிலில் வந்தால் ஒன்று சிவப்பின் பக்கம் சாயும், இன்னொன்று ஊதாவின் பக்கம் சாயும். வகுப்பில் ஒளிப் பாடம் நடத்தும்போது பிள்ளைகளிடம் சொல்வேன்: பொருள் திருப்பி அனுப்பும் ஒளியைத்தான் நாம் பார்க்கிறோம், விளக்கு மாறினால் வந்து சேரும் ஒளியும் மாறும். அதைக் கேட்டுப் பரீட்சை எழுதி மார்க் வாங்கிய பிள்ளைகளே இன்று போனில் புடவையைப் படம் எடுத்துக்கொண்டு போய் அதற்கு செருப்பு தேடுகிறார்கள். போன் கேமரா அதன் பங்குக்கு நிறத்தை மாற்றும் என்பதைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

இதில் மிக மோசமானது முற்றிலும் வேறான நிறம் அல்ல. ஏறத்தாழ ஒத்துப்போகிற நிறம்தான். பச்சைப் புடவையோடு பழுப்புப் பை இருந்தால் கண் இரண்டையும் ஒப்பிடாது. அரக்குப் புடவையோடு கிட்டத்தட்ட அரக்குப் பை இருந்தால் கண் உடனே ஒப்பிட்டுவிடும். ஒப்பிட்டால் தோற்பது எப்போதும் பைதான். வெளுத்த மாதிரி, அழுக்கான மாதிரி தெரியும்.

என் பழைய மாணவி ஒருத்தி இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். அண்ணன் கல்யாணத்துக்கு அரக்கு உடல், மயில் கழுத்துக் கரை, நல்ல ஜரிகை போட்ட புடவை எடுத்தாள். புடவைப் பணம் வீட்டில் கொடுத்தார்கள். செட்டுக்கு அவள் சம்பளத்திலிருந்து 2,400 ரூபாய். அரக்கு ரெக்ஸினில் கல் பதித்த பை, அதே மாதிரி ஹீல்ஸ். "செட் இல்லாம வந்தா அண்ணி வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க டீச்சர்?" என்றாள். இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

கல்யாணத்தன்று நடந்தது இது. மண்டப வெளிச்சத்தில் பை பழுப்பாகத் தெரிந்தது. ஹீல்ஸ் வாசலில் கிடந்தது. மணமேடைக்கு யார் செருப்போடு ஏறுகிறார்கள்? வாசல்வரை காலில் இருந்தபோதும் புடவைக் கொசுவம் அதை மூடித்தான் இருந்தது. மதியத்துக்குள் பையின் கல் ஒன்று முந்தானை ஜரிகையில் மாட்டி இழையை இழுத்துவிட்டது. அந்த இழுப்பு இன்றும் தெரிகிறது. பிறகு பையைப் பத்திரமாகத் துணி சுற்றிப் பீரோவில் வைத்தாள். இரண்டு மழைக்காலம் போய் எடுத்துப் பார்த்தால், மேல்தோல் உரிந்து துணியெல்லாம் பொடி.

"தரமில்லாத பை, அதான்" என்பீர்கள். அது மட்டும் இல்லை. இப்போது வருகிற தோல் போன்ற பைகளில் பல, துணிமேல் பி.யூ. என்னும் பாலியூரித்தேன் பூச்சு பூசியவை. காற்றில் உள்ள ஈரம் அந்தப் பூச்சை மெல்ல மெல்ல உடைக்கும். நம் சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? உபயோகிக்காமல் வைத்தாலும் உடையும். காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் சீக்கிரம் உரியலாம். ஆக, வருடத்துக்கு ஒருமுறை எடுக்கலாம் என்று வாங்கும் பொருளுக்கு இது கொஞ்சமும் பொருந்தாத சரக்கு.

அடுத்த வருடம் அண்ணிக்கு வளைகாப்பு. அதே புடவைதான் கட்டப் போகிறாள். இந்த முறை கடைக்குப் போகும் முன் என்னிடம் வந்தாள். புடவையை வராண்டாவில் காலை வெளிச்சத்தில் விரிக்கச் சொன்னேன். உடல் நிறத்தைப் பார்க்காதே, ஜரிகையைப் பார் என்றேன். நல்ல ஜரிகை என்பது பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பி சுற்றி, அதன்மேல் தங்க முலாம் பூசியது. அதன் நிறம் பளீர் மஞ்சள் அல்ல, கொஞ்சம் மங்கலான, சூடான பொன் நிறம். தோல் செருப்பில் இளம்பழுப்பு நிறம் இருக்கிறதே, அது இந்தப் பொன்னுக்குப் பங்காளி. ஆவாரம் பட்டையில் தோல் பதனிடும் பழைய முறை நம் ஊரில் இருந்தது. அந்தத் தோலின் நிறம் நினைவிருப்பவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். கடைகளில் தங்க நிறம் என்று மின்னுகிற செருப்பை ஜரிகைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எலுமிச்சை மஞ்சளாகத் தெரியும், கூடவே ஜரிகையையும் போலியாகக் காட்டும். மின்னித்தான் ஆக வேண்டுமென்றால் மங்கல் பொன்னாகத் தேடுங்கள்.

அவள் வேலைக்குப் போட்டுப் போகும் பழுப்புத் தோல் செருப்பு வீட்டிலேயே இருந்தது. துடைத்து பாலிஷ் போட்டாள். பைக்கு என் அம்மாவின் கிழிந்துபோன கரும்பச்சைப் பட்டின் முந்தியை எடுத்துக் கொடுத்தேன். (பழைய பட்டு வாங்க வருகிறவர் ஜரிகையின் வெள்ளிக்காக மூன்று முறை கேட்டுப் போனார். கொடுக்கவில்லை.) நம் தெரு டைலர் உள்ளே பருத்தி லைனிங் வைத்து ஒரு சுருக்குப் பை தைத்துத் தந்தார். கூலி 150 ரூபாய். அந்தப் பச்சை இவள் புடவைக் கரையின் அதே பச்சை அல்ல, நன்றாகவே இருண்டது. ஆனால் கரை எவ்வளவு அழுத்தமோ பையும் ஏறக்குறைய அவ்வளவு அழுத்தம். அதுதான் கணக்கு. நிறம் ஒத்துப்போக வேண்டியதில்லை, அழுத்தம் ஒத்துப்போனால் போதும். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். பை மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியாவிட்டால் சரி. போனில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தாலும் தெரியும். அந்த ஒரு வேலைக்கு போன் உதவும்.

வளைகாப்பில் நான்கு பேர் பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். செருப்பை ஒருவரும் பார்க்கவில்லை. வழக்கம்போல் அது வாசலில்தான் கிடந்தது.

வண்ணப் பை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு ஒரு சோதனை. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, பையின் அடிப்பக்கத்தில் இருபது தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். குட்டையில் நிறம் ஏறினால் அந்தப் பையைப் பட்டோடு சேர்க்காதீர்கள். இடுப்பு வியர்வைக்கும் உரசலுக்கும் அந்தச் சாயம் புடவையில் இறங்கும். டிரை க்ளீனிங்காரர் கை விரித்துவிடுவார். கல், கொக்கி, சங்கிலி வைத்த பையாக இருந்தால் வலது கையில் பிடியுங்கள். முந்தானை இருக்கும் இடது தோளில் மாட்டவே வேண்டாம்.

நான் சொன்ன பழுப்பும் பொன்னும் எல்லாப் புடவைக்கும் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளி ஜரிகை போட்ட இளஞ்சாம்பல், இளநீலப் புடவைகளுக்கு இந்தப் பழுப்பு சேராது. அங்கே சாம்பல் அல்லது மங்கல் வெள்ளிதான். சுபகாரியத்துக்குக் கறுப்பு வேண்டாம் என்கிற வீடுகள் உண்டு. அவர்களோடு சண்டை போடாமல் அடர்பழுப்புக்குப் போய்விடலாம். பிறகு ஹீல்ஸ். எந்த உயரம் போடப் போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டு புடவையைக் கட்டுங்கள். வெறுங்காலில் கட்டிவிட்டுப் பிறகு ஹீல்ஸ் ஏறினால் கணுக்கால் தெரியும். ஹீல்ஸில் கட்டி மண்டபத்தில் கழற்றினால் தரை பெருக்குவீர்கள். நாள் முழுக்கச் செருப்பைக் கழற்றிக் கழற்றிப் போடும் நம் விசேஷங்களுக்குத் தட்டைச் செருப்பே நல்லது என்பது என் கட்சி.

"மணப்பெண்ணுக்காவது செட் வேண்டாமா?" என்று ஒரு தோழி கேட்டார். மணப்பெண் கையில் பூச்செண்டும் மாப்பிள்ளை கையும் இருக்கும், பை எங்கே பிடிப்பாள்?

ஏற்கெனவே செட் வாங்கி வைத்திருப்பவர்கள் தூக்கிப் போட வேண்டாம். ஜோடியைப் பிரித்துவிடுங்கள். அரக்குப் பை கரும்பச்சைப் புடவையோடு போகட்டும், அரக்குச் செருப்பு மாம்பழ மஞ்சளோடு போகட்டும். இரண்டையும் ஒரே நாளில் மட்டும் எடுக்காதீர்கள். பீரோவிலிருந்து மாதம் ஒருமுறை வெளியே எடுத்து நிழலில் காற்றாட வையுங்கள், பிளாஸ்டிக் கவரைக் கழற்றிவிட்டுப் பழைய தலையணை உறையில் போடுங்கள். மேல்தோல் கையில் பிசுபிசுவென்று ஒட்ட ஆரம்பித்தால் உரியப் போகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அதைப் புடவை அடுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.