டிரிப்டானும் மனச்சோர்வு மருந்தும்: அளவுக்கு மீறிய ஓர் அச்சம்

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், ஒற்றைத் தலைவலிக்கு சுமாட்ரிப்டான் போன்ற டிரிப்டான் மருந்தைத் தொடவே கூடாது. தொட்டால் உடலில் செரட்டோனின் அளவுக்கு மீறிப் பெருகி உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவர்கள் சிலரும் மருந்தாளுநர் பலரும் இன்றுவரை இப்படித்தான் சொல்கிறார்கள். மருந்துச்சீட்டைக் கணினியில் ஏற்றியதும் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்து நிற்கிறது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகமாக வருவதால், இந்தச் சொல் தொடும் ஆட்களின் எண்ணிக்கை சிறிதல்ல. ஆனால் இதற்கு அடிப்படையாகக் காட்டப்படும் ஒவ்வொரு காரணமும் சோதித்துப் பார்த்தால் தளர்ந்துவிடுகிறது.

முதல் காரணம், அமெரிக்க அரசே எச்சரித்திருக்கிறது என்பது. உண்மைதான். 2006 ஜூலையில் அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ., எஸ்.எஸ்.ஆர்.ஐ. அல்லது எஸ்.என்.ஆர்.ஐ. வகை மனச்சோர்வு மருந்துகளோடு டிரிப்டானைச் சேர்த்தால் செரட்டோனின் சிண்ட்ரோம் வரலாம் என்று அறிவித்தது. செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம், ஃபுளுவாக்ஸடின் முதல் வகை. வென்லாஃபாக்ஸின், டுலாக்ஸடின் இரண்டாம் வகை. அந்த வாசகம் மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் தாளில் இன்னும் இருக்கிறது. ஆனால் அறிவிப்புக்குப் பின்னால் இருந்தவை, தன்னிச்சையாக அனுப்பப்பட்ட 29 தனிநபர் அறிக்கைகள் மட்டுமே. ஒரு மருந்தைச் சாப்பிட்டவருக்கு ஏதோ நேர்ந்தது என்று யாரோ எழுதி அனுப்பிய குறிப்புகள் அவை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. எத்தனை பேர் இரண்டையும் சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் இருந்தார்கள் என்ற கணக்கும் இல்லை.

தலைவலி மருத்துவர் ராண்டால்ஃப் எவன்ஸ் அந்த 29 அறிக்கைகளையும் எடுத்து ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். செரட்டோனின் சிண்ட்ரோமைக் கண்டறிய இரண்டு அளவுகோல்கள் உண்டு. 1991-இல் வந்த ஸ்டெர்ன்பாக் அளவுகோல் தளர்வானது. நடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு என்று பத்து அறிகுறிகளில் மூன்று இருந்தால் போதும். 2003-இல் ஆஸ்திரேலியாவின் ஹன்டர் பகுதி நச்சியல் மருத்துவர்கள் வெளியிட்டது கறாரானது. மருத்துவ உலகம் இப்போது பெரும்பாலும் அதையே நம்புகிறது. 29 அறிக்கைகளில் சில ஸ்டெர்ன்பாக் அளவுகோலுக்குள் வந்தன. ஹன்டர் அளவுகோலுக்குள் ஒன்றுகூட வரவில்லை. 2010-இல் அமெரிக்கத் தலைவலிச் சங்கம், செரட்டோனின் சிண்ட்ரோம் பயத்தால் இந்தக் கூட்டு மருந்தைக் கட்டுப்படுத்தக் கைவசமுள்ள சான்றுகள் இடம் தரவில்லை என்று தன் நிலையை எழுதி வெளியிட்டது. எச்சரிக்கையை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலையும் படித்திருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் கேட்பதற்கு மிகவும் நியாயமாகத் தோன்றும். மனச்சோர்வு மருந்து செரட்டோனினைக் கூட்டுகிறது, டிரிப்டானும் செரட்டோனின் சம்பந்தப்பட்டது, ஆகவே இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்பு என்பது அது. இங்கேதான் அடிப்படைப் பிழை இருக்கிறது. டிரிப்டான் செரட்டோனினைக் கூட்டுவதே இல்லை. செரட்டோனின் போய் அமரும் ஏற்பிகளில் குறிப்பிட்ட ஓரிரண்டில் தானே போய் அமர்கிறது, அவ்வளவுதான்.

செரட்டோனினுக்கு உடலில் பல வாசல்கள் இருக்கின்றன. ஏற்பிகள் 7 குடும்பங்களாகவும் 14 அளவிலான உட்பிரிவுகளாகவும் பிரிக்கப்பட்டுள்ளன. ஒரு வாசலில் நுழைந்தால் ரத்தக் குழாய் சுருங்கும், இன்னொன்றில் நுழைந்தால் வாந்தி வரும், வேறொன்றில் நுழைந்தால் தசை துள்ளும். டிரிப்டான் நுழைவது 1பி, 1டி என்னும் வாசல்களில். அங்கேதான் விரிந்த ரத்தக் குழாய் சுருங்குகிறது, வலியைக் கடத்தும் நரம்பு முனைகள் அடங்குகின்றன. செரட்டோனின் சிண்ட்ரோமில் உயிரை மிரட்டும் காய்ச்சலும் தசை விறைப்பும் வருவது 2ஏ ஏற்பி மிதமிஞ்சித் தூண்டப்படுவதால். அந்த 2ஏ ஏற்பியோடு டிரிப்டானுக்கு ஒட்டுறவே கிடையாது. இந்த நோயை நீண்டகாலம் ஆராய்ந்த கென் கில்மன் 2010-இல் எழுதிய ஆய்வுரையின் சாரமும் இதுதான்: இந்த மருந்து இந்த வழியில் இந்த நோயை உண்டாக்கும் என்று நம்ப மருந்தியலில் காரணம் இல்லை. போதாதற்கு, சுமாட்ரிப்டான் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. உட்கொண்டதில் பாதி இரண்டு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு, மனிதர்களிடம் என்ன நடந்தது என்று கேட்பவர்களுக்கு பாஸ்டன் நகரம் பதில் வைத்திருக்கிறது. யூலியா ஓர்லோவா, பால் ரிசோலி, எலிசபெத் லோடர் மூவரும் அந்த வட்டாரத்து மருத்துவமனைப் பதிவேடுகளில் 2001 முதல் 2014 வரையிலான 14 ஆண்டுகளைத் துழாவினார்கள். டிரிப்டான் எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள் 47,968 பேர். அவர்களில் 19,017 பேருக்கு எஸ்.எஸ்.ஆர்.ஐ. அல்லது எஸ்.என்.ஆர்.ஐ. மருந்தும் சேர்த்து எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொருவரும் இரண்டு மருந்தோடும் இருந்த காலத்தைக் கூட்டினால் 30,928 ஆண்டுகள். இந்தப் பெரும் பரப்பில் செரட்டோனின் சிண்ட்ரோம் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் 17 பேர். குறிப்புகளைப் படித்து ஆராய்ந்தபின் உறுதியானவர்கள் 2 பேர். சந்தேகத்தின் பலனை நோய்க்கே கொடுத்து எண்ணினாலும் 7 பேர்தான். அதாவது, 10,000 பேர் ஓராண்டு முழுதும் இரண்டு மருந்தையும் வைத்திருந்தால், அதிகபட்சக் கணக்கில் இரண்டு அல்லது மூன்று பேர். அவர்களுக்கும் டிரிப்டான் இல்லாமலே, மனச்சோர்வு மருந்தாலேயே அது வந்திருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்ல இந்த ஆய்வால் முடியாது. பதிவேட்டில் ஏறாமல் போன லேசான தொந்தரவுகளும் இருந்திருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், தடை போடும் அளவுக்கான எண்ணிக்கை இது அல்ல. ஆய்வு வெளியானது 2018-இல். எஃப்.டி.ஏ. எச்சரிக்கைக்குப் பிறகும் பாஸ்டன் மருத்துவர்கள் இரண்டையும் சேர்த்து எழுதுவதைக் குறைக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது.

மூன்றாவதாக, “சரி, ஆபத்து சிறியதே, ஆனாலும் தவிர்ப்பதில் என்ன நஷ்டம்?” என்று கேட்கிறார்கள். நஷ்டம் உண்டு. தலைவலிக்காரர் முன் அப்போது இரண்டே வழிகள். மனச்சோர்வு மருந்தைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு, கூடவே பழைய மனச்சோர்வு திரும்பும் அபாயம். டிரிப்டான் சாப்பிடும் நாளில் மட்டும் அதை விட்டுவிடலாம் என்று சிலர் செய்வதும் பயனற்றது. எஸ்சிட்டலோப்ராம் ஒரு நாளுக்கு மேலும், ஃபுளுவாக்ஸடின் வாரக்கணக்கிலும் உடலில் தங்கும். இன்னொரு வழி, டிரிப்டானைத் தவிர்த்துவிட்டு வேறு வலி நிவாரணி. அங்கே கையில் கிடைப்பது பல நேரம் டிராமடால். நரம்பு முனையில் செரட்டோனினை நிஜமாகவே கூட்டுகிற மருந்து அது. இல்லாத ஆபத்துக்கு அஞ்சி, இருக்கிற ஆபத்தை எழுதிக் கொடுப்பதை எந்த நோயாளியும் ஏற்க வேண்டியதில்லை.

இதனால் செரட்டோனின் சிண்ட்ரோமே கட்டுக்கதை என்று எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது கொல்லும். 1984-இல் நியூயார்க்கில் 18 வயது லிபி சயான் மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்தார். ஃபெனல்சின் என்ற எம்.ஏ.ஓ. தடுப்பு வகை மனச்சோர்வு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அவருக்கு அங்கே பெத்திடின் கொடுக்கப்பட்டிருந்தது. அஞ்ச வேண்டிய கூட்டுகள் இத்தகையவை: எம்.ஏ.ஓ. தடுப்பு மருந்தோடு வேறெந்த மனச்சோர்வு மருந்தும்; மனச்சோர்வு மருந்தோடு டிராமடால், பெத்திடின், லினசோலிட் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி, அளவு மீறிய டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இருமல் மருந்து. எம்.ஏ.ஓ. தடுப்பு மருந்து சாப்பிடுகிறவரும், அதை நிறுத்தி இரண்டு வாரம் ஆகாதவரும் சுமாட்ரிப்டான், ரிசாட்ரிப்டான், சோல்மிட்ரிப்டான் மூன்றையும் தொடக் கூடாது. இந்த டிரிப்டான்களைச் சிதைக்கும் நொதியையே அந்த மருந்து முடக்கிவிடுகிறது. அந்தத் தடை சரியானது.

அறிகுறிகளைப் பொறுத்தவரை குழப்பம் எப்படி வருகிறது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். மூன்று ஆண்டுகளாக செர்ட்ராலின் 100 மில்லிகிராம் சாப்பிடும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். இரவு பத்து மணிக்குத் தலைவலி தொடங்க, சுமாட்ரிப்டான் 50 மில்லிகிராம் போடுகிறார். அரை மணியில் கழுத்து கனக்கிறது, தாடை இறுகுகிறது, முகத்தில் சூடும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் பரவுகின்றன. பயம் வருகிறது. ஆனால் கை நடுங்கவில்லை, உடல் வியர்க்கவில்லை, மனம் தெளிவாக இருக்கிறது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. இது டிரிப்டானின் வழக்கமான பக்கவிளைவு, செரட்டோனின் சிண்ட்ரோம் அல்ல. இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சு இறுகினால் அது வேறு அவசரம். அவருக்கு டிரிப்டானே கொடுக்கக் கூடாது.

அதே பெண்ணுக்குச் சில மாதம் கழித்து முதுகுவலிக்கு டிராமடால் தரப்படுகிறது. மறுநாள் மாலை அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உடை நனையும் அளவுக்கு வியர்வை, வயிற்றுப்போக்கு, கண்மணி விரிந்திருக்கிறது, கால்கள் நடுங்குகின்றன. மருத்துவர் முழங்காலைச் சற்று மடக்கி, பாதத்தைச் சட்டென்று மேல்நோக்கித் தள்ளிப் பிடிக்கிறார். பாதம் அவர் கையில் தாளகதியில் மீண்டும் மீண்டும் துடிக்கிறது. குளோனஸ் என்பது இதுதான். ஹன்டர் அளவுகோலில் முதலிடம் இதற்கே. இப்படித் தூண்டிவிட்டு வரும் துடிப்போடு வியர்வையோ பதற்றமோ சேர்ந்தால் நோய் உறுதி. துடிப்பு தானாகவே வந்தால் வேறெதுவும் வேண்டாம். நடுக்கத்தோடு முழங்கால் அனிச்சைத் துள்ளல் மிகுந்திருந்தாலும் அளவுகோல் நிறைவேறுகிறது. கைகளைவிடக் கால்களில் இவை பலமாகத் தெரியும்.

நேரமும் ஒரு தடயம். புதிய மருந்து சேர்ந்த அல்லது அளவு கூடிய 24 மணி நேரத்துக்குள், பெரும்பாலும் முதல் ஆறு மணி நேரத்திலேயே இது தொடங்கிவிடும். மாதக்கணக்கில் மாறாத மருந்தோடு மெல்ல மெல்ல வரும் சோர்வு இதுவல்ல. லேசாக வந்தால் மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஏறுவது, உடல் விறைப்பது, பேச்சு குழறி நினைவு தடுமாறுவது ஆகியவை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டிய நேரத்தைக் காட்டுகின்றன. தசைகளின் ஓயாத இயக்கத்தால் வரும் அந்தக் காய்ச்சலுக்கு பாரசிட்டமால் பலன் தராது. அங்கே டயசெபாம் போன்ற மருந்தும், உடலைக் குளிர்விக்கும் முயற்சியும், சைப்ரோஹெப்டடினும் கைகொடுக்கும். குழந்தைகளுக்குப் பசி எடுக்க நம் ஊரில் கொடுக்கப்படும் அதே சைப்ரோஹெப்டடின் மேலே சொன்ன 2ஏ வாசலை அடைக்கும் மருந்தும்கூட.

எஸ்.எஸ்.ஆர்.ஐ. அல்லது எஸ்.என்.ஆர்.ஐ. சாப்பிடும் ஒற்றைத் தலைவலிக்காரர், டிரிப்டான் வேண்டாம் என்று கேள்விப்பட்டதை வைத்து எந்த மருந்தையும் தானாக நிறுத்திவிட வேண்டாம். தாம் சாப்பிடும் அத்தனை மருந்தையும், இருமல் மருந்தும் வலி மாத்திரையும் உட்பட, ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டட்டும். அந்தத் தாளில் எம்.ஏ.ஓ. தடுப்பு மருந்தோ, லினசோலிடோ, டிராமடாலோ இருக்கிறதா என்று முதலில் கேட்கட்டும்.