வேலையில் சேர்ந்த தேதி

கடிகாரத்தைப் பற்றி மறுபடியும் எழுதப் போகிறேன். சலித்துப்போன பழைய வாசகர்கள் இரண்டு பத்தி தாண்டி வந்து சேர்ந்துகொள்ளலாம். ஒரு கம்பெனியில் கால் நூற்றாண்டு உழைத்தவருக்குச் சின்னம் பொறித்த சுவர்க் கடிகாரம் கொடுத்துக் கைதட்டி அனுப்பும் வழக்கத்தின் மேல் எனக்குள்ள கோபம் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. அத்தனை வருஷம் பஞ்ச் கார்டு அடித்து, ஐந்து நிமிஷம் பிந்தினால் சம்பளத்தில் வெட்டு வாங்கியவருக்கு, மணி என்ன என்று இனிமேல்தான் தெரிய வேண்டுமா?

பிரிட்டனிலாவது இதற்கு ஒரு கணக்கு உண்டு. அங்கே நீண்டகாலச் சேவைப் பரிசைப் பொருளாகக் கொடுத்தால்தான் வரிவிலக்கு. குறைந்தது 20 ஆண்டு சேவை இருக்க வேண்டும். ஆண்டுக்கு 50 பவுண்டு என்பது வரம்பு. ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு இல்லை. ஆகவே கடிகாரம் வாங்குகிறவர் வரியையும் யோசித்துத்தான் வாங்குகிறார். நம் சட்டமோ ரொக்கம், பொருள் இரண்டையும் ஒன்றாகவே நடத்துகிறது. பிறகும் இங்கே கடிகாரம் வாங்குகிறார்கள் என்றால் அதை ரசனைக் கோளாறு என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த வாரம் என் கோபத்துக்குத் தீனி கிடைக்கவில்லை. சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்வீட்டு அக்கா, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ஆப்பரேட்டர். இருபத்தைந்து ஆண்டு விருதுக் கடிதத்தோடு மேலே வந்தார். கடிகாரம் இல்லை. ஒரு சான்றிதழ், ஒரு விருந்து, 2,500 ரிங்கிட் ரொக்கம். “தம்பி, இதுக்கு வரி பிடிப்பாங்களா?” என்பதுதான் அவர் கேள்வி.

ஒரே முதலாளியிடம் 10 ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்குக் கிடைக்கும் நீண்டகாலச் சேவை விருதில் 2,000 ரிங்கிட் வரை வருமான வரி கிடையாது. இந்த 2,000 அந்த வருஷத்து மொத்த வரம்பு. அதே ஆண்டில் சிறந்த சேவை, உற்பத்தித்திறன் போன்ற விருதுகள் வாங்கியிருந்தால் அவையும் இதற்குள்ளேதான் அடங்கும். அக்காவுக்கு மிச்சம் 500 ரிங்கிட் வருமானத்தோடு சேரும். அவர் சம்பளத்துக்கு அதனால் பெரிய பாதிப்பு வராது. வருஷ முடிவில் இ.ஏ. பாரம் வரும்போது 2,500-ம் மொத்தமாக வரிக்குரிய வருமானத்தில் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன்.

அவர் போகவில்லை, நானும் கடிதத்தைக் கொடுக்கவில்லை. இரண்டாவது பத்தியில், இந்த அன்பளிப்பு நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது, இதை உரிமையாகக் கோர முடியாது என்று இருந்தது. பாராட்டிவிட்டு அதே மூச்சில் கதவைச் சாத்துகிறார்கள். தொழிற்சங்கம் இருக்கும் இடத்தில் இதே விருது கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு விதியாக எழுதப்பட்டிருந்தால் கதை வேறு. தொழிலியல் நீதிமன்றம் பதிவு செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம் 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டப்படி இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். மனம் வந்தால் கொடுக்கிறேன் என்ற பேச்சு அங்கே எடுபடாது.

சட்டம் நீண்ட சேவையை எவ்வளவு மதிக்கிறது என்று பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. ஆண்டு விடுமுறை முதல் இரண்டு ஆண்டு வரை 8 நாள், பிறகு 12, ஐந்து ஆண்டானதும் 16. மருத்துவ விடுப்பு 14, 18, 22 என்று ஏறும். ஆட்குறைப்பு இழப்பீடு, 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குவோருக்கு, சேவை ஆண்டு ஒன்றுக்கு 10, 15, 20 நாள் சம்பளம். எல்லா ஏணியும் ஐந்தாம் ஆண்டில் நின்றுவிடுகிறது. இந்தியாவில் சட்டப்படி ஐந்தாண்டு சேவை முடித்துப் போகிறவருக்கு, ஆண்டுக்கு 15 நாள் சம்பளக் கணக்கில் பணிக்கொடை கொடுத்தே ஆக வேண்டும். நம் தனியார் துறையில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆறாவது வருஷத்துக்கும் இருபத்தைந்தாவது வருஷத்துக்கும் நடுவே இருக்கும் வித்தியாசத்தை அங்கீகரிக்கப் பெரும்பாலோருக்கு இந்த ஒரு கடிதம்தான் மிச்சம்.

அதில் விலைமதிப்புள்ள வரி பாராட்டு அல்ல. அக்கா எந்தத் தேதியில் வேலையில் சேர்ந்தார் என்று கம்பெனியே ஒப்புக்கொள்ளும் வரி. நாளை ஆட்குறைப்பு வந்தால் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். மாதம் 2,400 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு மாதச் சம்பளத்தை 365-ஆல் வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 78.90 ரிங்கிட். 25 ஆண்டுக்கு 500 நாள். சுமார் 39,450 ரிங்கிட் வருகிறது. நடுவில் ஏதோ ஒரு மறுநியமனக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி, சேவை பத்து ஆண்டுதான் என்று சொல்லிவிட்டால் 15,780 ஆகிவிடும். கடிதத்தைப் பத்திரமாக வைக்கச் சொன்னேன்.

“என் தங்கச்சிக்கு இப்படி ஒரு கடிதமே வராது தம்பி,” என்றார் அக்கா. தங்கை ஓர் அரசுப் பள்ளியில் துப்புரவு வேலை. பதினைந்து வருஷமாக அதே பள்ளி, அதே கழிவறைகள், அதே கேட்டில் அதே ஜாகா. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை குத்தகைக்காரர் மட்டும் மாறுகிறார். புதியவர் வந்ததும் புது நியமனக் கடிதம், புதுச் சீருடை, சேர்ந்த தேதியும் புதிது. சட்டத்தின் கண்ணுக்கு அந்தத் தங்கை ஒருபோதும் மூன்று வருஷத்தைத் தாண்டியதில்லை.

விடுமுறையை மட்டும் கணக்கிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு குத்தகையிலும் 8, 8, 12 என்று 28 நாள். ஐந்து குத்தகைக்கு 140. ஒரே முதலாளியிடம் இருந்திருந்தால் 16-ம் 36-ம் 160-ம் சேர்ந்து 212. எழுபத்திரண்டு நாள் விடுமுறை டெண்டர் பெட்டிக்குள் போய்விட்டது. குத்தகை முடிகிறபோது இழப்பீடு கேட்டால், ஒப்பந்தக் காலம் முடிந்தது, நாங்கள் யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லையே என்பார்கள்.

தொழில் கைமாறும்போது என்ன செய்ய வேண்டும் என்று 1980-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. புதிய உரிமையாளர் ஏழு நாளுக்குள், முன்பைவிடக் குறையாத நிபந்தனையில் வேலை தர முன்வர வேண்டும். தந்தால் சேவை அறுபடாது. தராவிட்டால் இழப்பீட்டுக்குப் பழைய முதலாளியும் புதியவரும் சேர்ந்தே பொறுப்பு. டெண்டர் கைமாறுவதை மட்டும் குத்தகைக்காரர்கள் இதில் சேர்ப்பதில்லை. ஒருவர் தொழிலை இன்னொருவருக்கு விற்கவில்லையாம். ஒருவர் போனார், இன்னொருவர் வந்தார், அவ்வளவுதானாம். துடைப்பமும் அதைப் பிடித்த கையும் அங்கேயேதான் இருக்கின்றன என்பது கணக்கில் வராது. ஒரே முதலாளி திரும்பத் திரும்பப் புதுப்பித்த ஒப்பந்தத்தை நிரந்தர வேலை என்றே 2020-இல் கூட்டரசு நீதிமன்றம் ஒரு வழக்கில் பார்த்தது. இங்கே முதலாளியே மாறிவிடுவதால் அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு தங்கை அதிக தூரம் போக முடியாது.

ஜே.பி.கே.கே. என்ற அரசு ஒப்பந்தத் தொழிலாளர் அமைப்பு இந்தக் குத்தகை முறையே ஒழிய வேண்டும் என்கிறது. அது நடக்கும்வரை டெண்டர் நிபந்தனையில் ஒன்றைச் சேர்த்தாலும் போதும்: வேலையை எடுக்கும் புதிய குத்தகைக்காரர் இருக்கிற தொழிலாளர்களை, அந்தப் பள்ளியில் முதன்முதலாகச் சேர்ந்த தேதியோடு எடுத்துக்கொள்ள வேண்டும். டெண்டர் விடுவது அரசு. விலையைக் கூட்டிக் கேட்பார்கள் என்ற பயம் இருக்கலாம். கூடட்டும், அது பதினைந்து வருஷமாக அந்தப் பெண் தன் கையிலிருந்து கட்டிவரும் தொகைதானே.

தங்கையிடம் ஐந்து நியமனக் கடிதங்களும் இருக்கின்றனவா என்று அக்காவிடம் கேட்டேன். மூன்று இருக்கிறதாம். மற்ற இரண்டு காலத்துக்கும் இ.பி.எஃப். கணக்கு அறிக்கையை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். எந்த முதலாளி எந்த மாதம் பணம் கட்டினார் என்பதாவது அதில் இருக்கும்.