சான்றிதழ் சொல்வதும் சொல்லாததும்

வேலூரில் 2022 மார்ச் இறுதியில், வீட்டில் இரவு சார்ஜ் செய்யப்பட்ட மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். நாட்டின் பிற பகுதிகளிலும் அப்போது இத்தகைய விபத்துகள் நிகழ்ந்தன. மத்திய அரசு நிபுணர் குழுவை அமைத்து, ஏஐஎஸ்-156 பேட்டரி பாதுகாப்பு விதிகளைத் திருத்தியது. அவை 2022 டிசம்பர், 2023 மார்ச் என இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. பேட்டரியில் உள்ள செல்கள் ஐஎஸ் 16893 தரநிலையின்படி சோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது திருத்தத்தின் முக்கிய அம்சம்.

சேலத்திலும் நாமக்கல்லிலும் இன்று ஸ்கூட்டர் வாங்குவோர் 'சான்று பெற்ற பேட்டரி' என்ற உறுதிமொழியைக் கேட்கின்றனர். அதன் பொருள் என்ன?

செல்லை வேண்டுமென்றே துன்புறுத்தும் சோதனைகளில் மூன்று முக்கியமானவை. முதலாவது, அளவுக்கு மீறிய மின்னேற்றம். அப்போது நேர்முனையிலிருந்து வரம்பை மீறி வெளியேறும் லித்தியம், எதிர்முனையில் இடமின்றி உலோகமாகப் படிகிறது; உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயு பெருகுகிறது. வெப்பம் கட்டுமீறும் முன்பே அழுத்தத் திறப்பு செயல்பட்டு வாயுவை வெளியேற்றுகிறதா என்பதே இங்கு கேள்வி.

இரண்டாவது, வெளிப்புறக் குறுக்குச்சுற்று. முழுமையாக மின்னேற்றிய செல்லின் இரு முனைகளையும் 5 மில்லிஓமுக்கு மிகாத தடையுடன் 10 நிமிடங்கள் இணைக்கின்றனர். செல் முழுவதும் சூடேறுகிறது. முனைகளுக்கு இடையிலுள்ள மெல்லிய பிரிப்புத்தாள் உருகித் தன் நுண்துளைகளை அடைத்து, மின்னோட்டத்தைத் தானே நிறுத்துகிறதா என்பது இதில் தெரியவரும்.

மூன்றாவது, நசுக்குதல். மின்னழுத்தம் திடீரென மூன்றில் ஒரு பங்கு குறையும் வரையோ, செல்லின் பரிமாணம் 15 விழுக்காடு சிதையும் வரையோ, செல்லின் எடையைப்போல் ஆயிரம் மடங்கு விசை எட்டும் வரையோ அழுத்துகின்றனர். பிரிப்புத்தாள் கிழிந்தால் வெப்பம் ஒரே புள்ளியில் குவியும். எந்த உருகியும் அதைத் தடுக்க இயலாது. செல்லின் வேதியியலும் கட்டமைப்பும் மட்டுமே காக்கவேண்டும். மூன்றிலும் கடுமையான கேள்வி இதுவே.

ஆனால், இவை சோதனைக்கு எடுக்கப்பட்ட சில புதிய செல்களின் வடிவமைப்பையே மதிப்பிடுகின்றன. ஆலையில் உள்ளே சிக்கிய உலோகத் துகளையோ, பல கோடைகளில் மூப்படைந்த செல்லையோ அவை காண்பதில்லை. அதனால்தான், ஒரு செல் பழுதானாலும் தீ அடுத்ததற்குப் பரவக்கூடாது என்ற நோக்கில், பேட்டரித் தொகுப்புக்கு வெப்பப் பரவல் சோதனையையும் திருத்தம் கோரியது.

எனவே, சான்றிதழ் ஒரு வடிவமைப்புக்கான நற்சான்று. ஒவ்வொரு செல்லுக்குமான உத்தரவாதம் அன்று. சந்தைக்கு வரும் செல்கள் சோதிக்கப்பட்டவற்றைப் போன்றவைதானா என்பதை ஆலைத் தணிக்கையாலும், கடைகளிலிருந்து எடுக்கும் மாதிரிகளாலும் தொடர்ந்து சரிபார்ப்பதே அரசின் கடமை.