நிழலை விட்டுவிட்டு நாற்காலியை அழிப்பதா?

குழுப் படத்தின் ஓரத்திலுள்ள வெற்று நாற்காலியை அழிக்கிறோம். அதே இடத்தில் இன்னொரு நாற்காலி முளைக்கிறது. உடனே இடத்தை நிரப்பும் மென்பொருளைத் திட்டுகிறோம். பிழை நாங்கள் கொடுத்த மாஸ்க்கில் இருக்கிறது!

மாஸ்க்கில் வெள்ளையான இடம் புதிதாக வரையப்படும், கறுப்பு அப்படியே இருக்கும். மெட்டாவின் 'செக்மென்ட் எனிதிங்' போன்ற கருவி ஒரே கிளிக்கில் நாற்காலியைப் பிரித்துத் தரும். ஆனால் தரையில் விழுந்த நிழலைப் பெரும்பாலும் விட்டுவிடும். நிழல் மிஞ்சினால், அதற்கேற்ற பொருளொன்றை மென்பொருள் வரையத்தானே செய்யும்? ஆகவே நிழலையும் தூரிகையால் வெள்ளையாக்குவோம். விளிம்பில் பழைய கோடு தெரியாதிருக்க, மாஸ்க்கைச் சில பிக்சல் விரிப்போம்.

விரித்த பிறகே அடுத்த வேலை. படத்தைப் பெரிதாக்கி, பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் விரல்களைப் பார்ப்போம். அவை வெள்ளைக்குள் போயிருந்தால் கறுப்புத் தூரிகையால் மீட்போம். முதலில் மீட்டுவிட்டுப் பிறகு விரித்தால், விரல்கள் மறுபடியும் வெள்ளைக்குள் போய்விடும்.

"கருவி எல்லாம் பார்த்துக்கொள்ளும்" என்பவர்களிடம் ஒன்று கேட்கிறோம்: மென்பொருள் புதிதாக வரையும் விரல் யாருடையது? எங்கள் பிள்ளையுடையதல்லவே!