யூரின் ரிப்போர்ட்டில் கிருமி வந்தால் மருந்து குடித்தே ஆக வேண்டுமா?



நமது பலாபத்வலயில் வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் நாம் அடிக்கடி காணும் ஒரு பழக்கத்தைப் பற்றி இன்று எழுதுகிறோம். உம்மும்மாவுக்குச் சோர்வாக இருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, சிறுநீர் மணக்கிறது என்றால், டொக்டரைக் காண முன்பே ஒரு போத்தலில் யூரின் எடுத்து மாத்தளை டவுனில் ஒரு லேபுக்குக் கொடுத்து விடுகிறோம். ரிப்போர்ட்டில் 'பஸ் செல்ஸ்' கூட, கல்ச்சரில் கிருமி இருக்கிறது என்று வந்தால், அந்தக் காகிதத்தையே காட்டி அன்டிபயோட்டிக் கேட்கிறோம். ஒரு கோர்ஸ் முடிகிறது. மூன்று வாரத்தில் திரும்பவும் டெஸ்ட், திரும்பவும் கிருமி, முன்னையதை விடக் கடுமையான மருந்து.

எங்கள் கருத்து இதுதான்: மருந்து கொடுக்க வேண்டியது நோயாளிக்கு, ரிப்போர்ட்டுக்கு அல்ல. சிறுநீரில் கிருமி இருப்பது ஒன்று, சிறுநீர்த் தொற்று நோய் இருப்பது வேறொன்று. நாங்கள் டொக்டர்கள் அல்ல, படிப்பிக்கிறவர்கள். ஆனாலும் மருத்துவ உலகம் பல வருடமாகச் சொல்லி வரும் இந்த விடயம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை என்பதால் எழுதுகிறோம்.

முதலில் அந்த ரிப்போர்ட் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கல்ச்சரில் ஒரு மில்லிலீட்டருக்கு ஒரு இலட்சம் கிருமி என்ற அளவை நாம் காண்கிறோம். இந்த அளவைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 1950களில் ஆய்வு செய்த எட்வர்ட் காஸ் என்ற டொக்டர். சிறுநீர் வெளியே வரும்போது தோலில் இருந்து ஒட்டிக்கொண்ட கிருமியா, உண்மையிலேயே சிறுநீர்ப்பைக்குள் வளரும் கிருமியா என்று பிரித்தறியத்தான் அந்த எண் உதவுகிறது. அந்தக் கிருமி ஆளை நோயாளியாக்கி இருக்கிறதா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. எரிவு, காய்ச்சல் போன்ற எந்த அறிகுறியும் இல்லாமல் சிறுநீரில் கிருமி இருப்பதை மருத்துவத்தில் 'அறிகுறியற்ற பக்டீரியூரியா' என்கிறார்கள்.

வயது போகப் போக இது மிகச் சாதாரணம். எழுபது வயதைத் தாண்டி வீட்டில் நன்றாக நடமாடும் பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு இப்படி இருக்கும். முதியோர் இல்லங்களில் இருக்கும் பெண்களில் நூற்றுக்கு 25 முதல் 50 பேர் வரை. மாதவிடாய் நின்ற பிறகு அந்த இடத்தின் நல்ல கிருமிகள் குறைகின்றன. ஆண்களுக்குப் புரஸ்டேட் வீங்கிச் சிறுநீர் முழுவதும் வெளியேறாமல் தேங்குகிறது. தேங்கிய நீரில் கிருமி குடியேறுகிறது. அவ்வளவுதான். பஸ் செல்ஸ் கூட இருப்பதும் இவர்களில் பெரும்பாலானோருக்குச் சேர்ந்தே வரும். ஆகவே அதுவும் மருந்து கொடுக்கப் போதுமான காரணம் அல்ல.

"இருந்தாலும் கிருமி கிருமிதானே, அழித்து விட்டால் நல்லதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கனடாவில் லின்ட்சி நிக்கோல் என்ற டொக்டரும் அவரது குழுவினரும் முதியோர் இல்லப் பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு அன்டிபயோட்டிக் கொடுத்து, மற்றவர்களை அப்படியே விட்டார்கள். 1987இல் வந்த முடிவு என்ன? மருந்து எடுத்தவர்களுக்கு நோயும் குறையவில்லை, இறப்பும் குறையவில்லை. மருந்தின் பக்கவிளைவுகளும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்தான் கூடின. 1994இல் அமெரிக்காவில் வயதான பெண்களிடம் செய்த இன்னொரு ஆய்விலும் மருந்து ஆயுளைக் கூட்டவில்லை. இவற்றையெல்லாம் பார்த்துத்தான் அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2019இல் புதுப்பித்த வழிகாட்டியில், அறிகுறி இல்லாத முதியவர்களுக்கும் சீனி வருத்தக்காரர்களுக்கும் இந்தச் சோதனையே செய்ய வேண்டாம், மருந்தும் வேண்டாம் என்று சொல்கிறது.

அடுத்தது, டியூப் போட்டிருப்பவர்கள். பக்கவாதம் வந்தோ, சிறுநீர் அடைத்தோ கதீட்டர் போட்டு வீட்டில் வைத்துப் பார்க்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. டியூப் போட்ட ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் வரை புதிதாகக் கிருமி பெறுகிறார்கள். ஒரு மாதம் ஆகும்போது அநேகமாக எல்லோருக்கும் கிருமி இருக்கும். டியூப்பின் உள்ளும் புறமும் கிருமிகள் வழுவழுப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் வாழ்கின்றன. மருந்து அந்தப் படலத்துக்குள் சரியாகப் போவதில்லை. டியூப் உள்ளே இருக்கும்வரை, ஒரு கிருமி போனால் இன்னொன்று வரும். 1982இல் வெளியான ஓர் ஆய்வில், காய்ச்சல் இல்லாத, நீண்ட காலம் டியூப் போட்ட நோயாளிகளுக்குக் கிருமி வரும்போதெல்லாம் செஃபலெக்சின் கொடுத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் வரும் நாட்கள் குறையவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் கூடின.

ஆகவே டியூப் போட்டவருக்கு 'சும்மா ஒருக்கா பார்ப்போம்' என்று யூரின் டெஸ்ட் செய்தால், கிருமி இருக்கிறது என்றுதான் வரும். பையில் இருக்கும் நீர் கலங்குவதும் மணப்பதும் மட்டும் தொற்றுக்கு அடையாளம் அல்ல. டெஸ்ட் உண்மையிலேயே தேவைப்பட்டால், பையில் இருந்து ஒருபோதும் எடுக்கக் கூடாது. பல நாளாக இருக்கும் டியூப் என்றால், அதை மாற்றிவிட்டுப் புதிய டியூப்பில் இருந்து எடுக்க வேண்டும். டியூப் இல்லாதவரின் யூரினும் இரண்டு மணித்தியாலத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஃபிரிஜ்ஜில் வைக்க வேண்டும். காலையில் எடுத்த போத்தலை வெயிலில் பஸ்ஸில் கொண்டுபோய் மதியம் கொடுத்தால், வழியிலேயே கிருமி பெருகிவிடும்.

இப்போது ஓர் உதாரணம் எடுப்போம். 78 வயது உம்மா ஒருவர், சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர். இரண்டு நாளாகப் பேச்சு மாறுகிறது, பிள்ளைகளின் பெயரை மாற்றிக் கூப்பிடுகிறார். காய்ச்சல் இல்லை, எரிவு இல்லை, அடிவயிற்றில் நோவு இல்லை. யூரினில் ஈ.கோலை கிருமி ஒரு இலட்சத்துக்கு மேல். வீட்டில் எல்லோரும் "யூரின் இன்ஃபெக்ஷன்தான் மூளைக்குப் போயிருக்கு" என்று முடிவு கட்டுவார்கள். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் அவர் சுகமாக இருந்தபோது டெஸ்ட் செய்திருந்தாலும் அதே கிருமி இருந்திருக்கலாம் அல்லவா? முதலில் விரலில் குத்திச் சீனி பார்க்க வேண்டும். 70க்குக் கீழே இறங்கியிருந்தால் அதுவே காரணமாகலாம். எத்தனை நாளாக மலம் போகவில்லை, தண்ணீர் எவ்வளவு குடித்தார், புதிதாக நித்திரை மாத்திரையோ தடிமல் மருந்தோ தொடங்கினாரா, விழுந்து தலை அடிபட்டதா, மூச்சு வேகமாக இருக்கிறதா, சிறுநீர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரத்தத்தில் உப்பு குறைந்திருப்பதை ஆஸ்பத்திரியில்தான் கண்டுபிடிக்கலாம். இவற்றில் ஒன்று உண்மைக் காரணமாக இருக்கும்போது அன்டிபயோட்டிக்கைக் கொடுத்துவிட்டு ஐந்து நாள் காத்திருந்தால், இழப்பது அந்த ஐந்து நாளைத்தான். எங்கள் பார்வையில் மிகப் பெரிய ஆபத்து இதுவே. திடீர்க் குழப்பம் வந்தவரை டொக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். ஆனால் காரணத்தை நாமே முடிவுசெய்து கொண்டு போக வேண்டாம்.

அன்டிபயோட்டிக் என்பது தீங்கில்லாத சத்து மாத்திரை அல்ல. சிப்ரோபிளொக்சசின் முதியவர்களின் குதிகால் நரம்பை, அதாவது தசைநாரை, அறுக்கக் கூடியது. சீனி மாத்திரையோடு சேர்ந்து சீனியை ஆபத்தாக இறக்கவும் கூடும். கிட்னி பலவீனமானவருக்கு நைட்ரோபியூரன்டொயின் வேலையும் செய்யாது, கெடுதியும் செய்யும். ஒவ்வொரு தேவையற்ற கோர்ஸும் அந்த உடம்பில் மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கிறது. பிறகு உண்மையான தொற்று வரும் நாளில் மாத்திரை எதுவும் வேலை செய்யாமல், வாட்டில் படுக்க வைத்து மெரோபெனம் ஊசி போட வேண்டிய நிலை வருகிறது.

"விட்டுவிட்டு அது இரத்தத்தில் கலந்தால்?" என்ற பயம் எங்களுக்கும் புரிகிறது. கனடாவின் டொரன்டோவில் மவுன்ட் சைனாய் ஆஸ்பத்திரியில் ஒரு முயற்சி செய்தார்கள். டியூப் இல்லாத வாட்டு நோயாளிகளின் யூரின் கல்ச்சர் முடிவை லேப் தானாக அனுப்பவில்லை. தொற்று என்று உண்மையில் சந்தேகித்தால் லேபுக்குக் கோல் எடுத்துக் கேளுங்கள் என்றார்கள். அறிகுறி இல்லாதவர்களுக்கு மருந்து கொடுப்பது நூற்றுக்கு 48இல் இருந்து 12ஆகக் குறைந்தது. அவர்கள் கவனித்துப் பார்த்த நோயாளிகளில் யாருக்கும் இதனால் இரத்தத் தொற்று வரவில்லை. 2014இல் இது வெளியானது.

சில இடங்களில் மருந்து கட்டாயம் தேவை. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கர்ப்பிணித் தாய்க்கு அறிகுறி இல்லாவிட்டாலும் கிருமி இருந்தால் மருந்து கொடுப்பார்கள், ஏனெனில் அது கிட்னிக்கு ஏறக்கூடும். கிளினிக்கில் சொல்லும் அந்த டெஸ்டைத் தவிர்க்காதீர்கள். புரஸ்டேட் போன்ற சிறுநீர்ப் பாதையில் இரத்தம் வரக்கூடிய ஒப்பரேஷனுக்கு முன்பும் அப்படியே. முதியவருக்குப் புதிதாக எரிவு, அடிக்கடி அவசரமாகப் போவது, அடிவயிற்றிலோ விலாப்பக்கத்திலோ நோவு, சிறுநீரில் இரத்தம் வந்தால் டொக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், பிரஷர் இறங்குவது, இவற்றோடு குழப்பமும் வந்தால், டியூப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். டெஸ்டுக்கோ ரிப்போர்ட்டுக்கோ காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே டொக்டர் தொடங்கிய மருந்தை இந்தப் பதிவைப் பார்த்து நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அவரிடமே கேளுங்கள்.

ஊரில் நாம் மாற்றிக்கொள்ளக் கூடியது மூன்று விடயம். டொக்டர் சொல்லாமல் வயதானவரின் யூரினை லேபுக்குக் கொடுப்பதை நிறுத்துவோம். ரிப்போர்ட் கையில் இருந்தால் பாமசிக்குப் போகாமல் டொக்டரிடம் போய், "இவருக்கு அறிகுறி எதுவும் இல்லை, இந்தக் கிருமிக்கு மருந்து தேவையா?" என்று கேட்போம். டியூப் போட்டவர் என்றால், "இந்த டியூப் இன்னும் தேவையா, எப்போது கழற்றலாம்?" என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் கேட்போம். டியூப்பால் வரும் தொற்றைக் குறைக்க, தேவையில்லாத டியூப்பைக் கழற்றுவதை விடச் சிறந்த மருந்து இல்லை.

வீட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் உறவுகளுக்கு இதைப் பகிருங்கள். கேள்விகள் இருந்தால் கீழே எழுதுங்கள். நமது ஊர் டொக்டர்மாரும் தாதிமாரும் பதில் சொன்னால் எல்லோருக்கும் பிரயோசனமாக இருக்கும்.